விசா மறுப்புக்கு ஒரு விளக்கக் கடிதம்: அனுப்புமுன் சரிபார்க்கும் முறை

கனடாவில் படிக்க ஸ்டடி பர்மிட் கேட்டு ஒருமுறை மறுக்கப்பட்டவர், மறுபடி விண்ணப்பிக்கும்போது பழைய மறுப்பைப் பற்றி ஒரு விளக்கக் கடிதம் இணைப்பது வழக்கம். இந்தக் கடிதம் மேல்முறையீடு அல்ல. ஸ்டடி பர்மிட் மறுப்புக்கு மேல்முறையீடு என்ற வழியே கிடையாது. முடிவு சட்டப்படி தவறு என்று கருதுபவர், கனடாவுக்கு வெளியே இருந்தால் 60 நாட்களுக்குள் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகலாம். இல்லையென்றால் புதிதாக விண்ணப்பிக்கலாம். புதிய விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும் அதிகாரி பழைய விண்ணப்பத்தையும், அதை மறுத்த அதிகாரி எழுதிவைத்த குறிப்புகளையும் திறந்து பார்க்க முடியும். கடிதம் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் படிக்கப்படுகிறது. அதை அனுப்புமுன் சரிபார்த்துத் தருபவர் வழக்கறிஞரானாலும், உரிமம் பெற்ற ஆலோசகரானாலும், விவரம் தெரிந்த மாமாவோ அண்ணனோ ஆனாலும், அதே கண்ணோடு படித்தால்தான் அந்த வேலைக்குப் பயன் உண்டு.

சரிபார்ப்பு கடிதத்திலிருந்து தொடங்குவதில்லை. முதலில் கையில் இருக்க வேண்டியவை மூன்று: மறுப்புக் கடிதம், அதிகாரியின் குறிப்புகள், முன்பு சமர்ப்பித்த படிவங்கள், ஆவணங்களின் முழுப் பிரதி. இவற்றுள் மறுப்புக் கடிதம் மிகக் குறைவாகவே சொல்லும். அதில் பெரும்பாலும் அச்சு வார்த்தைகள்தான் இருக்கும்: குடிவரவு விதிமுறைகளின் 216(1)(பி) பிரிவின்படி, தங்கும் காலம் முடிந்ததும் நாட்டை விட்டுச் செல்வார் என்று நம்பிக்கை ஏற்படவில்லை, பயண நோக்கம் தற்காலிகத் தங்கலுக்குப் பொருந்தவில்லை, சொத்தும் நிதிநிலையும் போதவில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு இதே வரிகள் போகின்றன. அதிகாரியை உறுத்தியது எது என்பது ஜி.சி.எம்.எஸ் என்ற கணினிக் கோப்பில் அவர் எழுதிய நாலைந்து வரிகளில் இருக்கிறது. அந்தக் குறிப்புகளைத் தகவல் கோரும் மனு மூலம் பெறலாம். தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கட்டணம் 5 டாலர். ஆனால் மனுவை கனடாவில் இருப்பவரோ, குடிமகனோ, நிரந்தரவாசியோதான் போட முடியும். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டில் இருப்பவர் தன் கோப்பைத் தானே கேட்கும் வசதி 2022 ஜூலையில் வந்தது. 2025 நடுப்பகுதியிலிருந்து சில மறுப்புக் கடிதங்களோடு அதிகாரியின் குறிப்பும் இணைத்தே அனுப்பப்படுகிறது. குறிப்பைப் பார்க்காமல் எழுதிய விளக்கம், கேட்காத கேள்விக்குச் சொன்ன பதிலாகப் போய்விடும் வாய்ப்பு அதிகம்.

வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு மாதிரிக் கோப்பை வைத்துப் பார்க்கலாம். விண்ணப்பதாரர் திருச்சியைச் சேர்ந்த 24 வயதுப் பெண். 2021-இல் பி.காம். முடித்து, கரூரில் போர்வை, திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் கணக்கு உதவியாளராக இருக்கிறார். 2024-இல் ஒன்டாரியோவில் உள்ள ஒரு கல்லூரியில் ஓராண்டு வணிக மேலாண்மைச் சான்றிதழ் படிப்புக்கு விண்ணப்பித்தார். ஜூனில் மறுப்பு வந்தது. 2025 அக்டோபரில், விநியோகச் சங்கிலி மேலாண்மைப் படிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்கிறார். அவர் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தின் சாரம் இது: “போதிய ஆவணங்கள் இணைக்கப்படாததால் முந்தைய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அது என் ஏஜென்டின் தவறு. இப்போது குடும்பச் சேமிப்பில் போதிய பணம் இருக்கிறது. 2022 ஜனவரி முதல் வேலை செய்கிறேன். படிப்பு முடிந்ததும் கட்டாயம் தாய்நாடு திரும்புவேன்.”

படித்தால் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் அதிகாரியின் குறிப்பைப் பக்கத்தில் வைத்ததும் முதல் வரியே நிற்கவில்லை. ஆவணம் குறைவு என்று அதிகாரி எங்கும் சொல்லவில்லை. தந்தையின் கணக்கில் விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு 14 லட்ச ரூபாய் வந்திருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று காட்டப்படவில்லை என்கிறார். கூடவே, ஏற்கெனவே வணிகப் பட்டம் பெற்றவருக்கு இந்த ஓராண்டுச் சான்றிதழால் என்ன பயன் என்று விளங்கவில்லை என்கிறார். பணத்தின் மூலம் ஒன்று, படிப்பின் தேவை ஒன்று. கடிதம் பதில் சொல்ல வேண்டியது இந்த இரண்டுக்கும்தான். “ஆவணக் குறைவு” என்று எழுதியதில் ஏமாற்றும் நோக்கம் இல்லாமல் இருக்கலாம். ஏஜென்ட் வாய்வழியாகச் சொன்னதை அந்தப் பெண் நம்பியிருக்கலாம். ஆனாலும் எழுத்தில் இருக்கும் காரணத்தை வேறொன்றாக மாற்றிச் சொல்லும் கடிதம், அதன் பிற வரிகளின் மீதான நம்பிக்கையையும் குலைத்துவிடும்.

அடுத்து நேர்மை. படிவம் ஐ.எம்.எம். 1294-இல் ஒரு கேள்வி இருக்கிறது: கனடாவோ வேறு எந்த நாடோ எப்போதாவது விசா அல்லது அனுமதி மறுத்ததுண்டா, எல்லையில் நுழைவு மறுத்ததுண்டா, வெளியேற உத்தரவிட்டதுண்டா? “எப்போதாவது”, “எந்த நாடும்” என்ற இரண்டு சொற்களைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். கனடா மறுத்ததைச் சொல்லிவிட்டு, சிங்கப்பூருக்கோ ஐரோப்பாவுக்கோ கேட்டுக் கிடைக்காத சுற்றுலா விசாவை மறந்துவிடுகிறார்கள். இந்தப் பெண்ணின் விஷயத்தில் மறைந்திருந்தது அமெரிக்கா. 2022-இல் சென்னைத் துணைத் தூதரகத்தில் மாணவர் விசா நேர்காணலுக்குப் போய், 214(பி) பிரிவின் கீழ் மறுக்கப்பட்டிருக்கிறார். நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்து, ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டதால், அதை ஒரு மறுப்பாகவே அவர் எண்ணவில்லை. 2024 படிவத்தில் ஏஜென்ட் “இல்லை” என்று குறித்திருக்கிறார். புதிய கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்தக் கோப்பில் மிக ஆபத்தான இடம் இதுதான். கனடாவும் அமெரிக்காவும் விசா தகவல்களைத் தானியங்கி முறையில் பகிர்ந்துகொள்கின்றன. கைரேகை ஒப்பீடும் அதில் உண்டு. அமெரிக்க மறுப்பு கனடா அதிகாரிக்குத் தெரியவராது என்று எண்ண இடமே இல்லை. குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 16(1) பிரிவு, கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையாகப் பதில் சொல்லும் கடமையை விண்ணப்பதாரர் மீது வைக்கிறது. அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு, முடிவைப் பிழையாக்கக்கூடிய முக்கியமான ஓர் உண்மையைத் திரித்தாலோ மறைத்தாலோ ஐந்தாண்டுத் தடை விதிக்க இடம் தருகிறது. சாதாரண மறுப்புக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. சாதாரண மறுப்புக்குப் பின் அடுத்த வாரமே மறுபடி விண்ணப்பிக்கலாம். 40-ஆம் பிரிவின் கீழ் முடிவானால் ஐந்தாண்டுக்குக் கதவு மூடியிருக்கும். அப்படி ஒரு முடிவை எடுக்குமுன் அதிகாரி தம் ஐயத்தை எழுதி அனுப்பி, பதில் சொல்ல ஒரு கெடு கொடுப்பார். அந்தக் கடிதம் வந்தபின் சொல்லும் உண்மைக்கு, தானாக முன்வந்து சொன்ன உண்மையின் மதிப்பு இருக்காது.

“ஏஜென்ட் செய்த தவறு” என்ற வாதம் இங்கே உதவுவது மிக அரிது. படிவத்தில் கையொப்பமிட்டவர் அதன் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு என்பதே கனடிய நீதிமன்றங்கள் பெரும்பாலும் எடுத்துள்ள நிலை. தான் எதையும் மறைக்கவில்லை என்று ஒருவர் நேர்மையாகவும் நியாயமாகவும் நம்பியிருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அது குறுகிய விலக்கு. படிவத்தைப் படித்துப் பார்க்கவில்லை என்பது அதற்குள் அடங்காது. ஆகையால் சரிபார்ப்பவர் கேட்டு வாங்க வேண்டிய பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: “2022 ஜூலையில் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் என் மாணவர் விசாவை 214(பி) பிரிவின் கீழ் மறுத்தது. என் 2024 விண்ணப்பத்தில் இதற்கான கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் தரப்பட்டுள்ளது. அந்தப் பதில் தவறு. படிவத்தை வேறொருவர் நிரப்பினார். நான் சரியாகப் படிக்காமல் கையொப்பமிட்டேன். இந்த விண்ணப்பத்தில் சரியான பதிலைத் தந்திருக்கிறேன். அன்று பெற்ற மறுப்புத் தாளின் நகலை இணைத்துள்ளேன்.” நாடு, மாதம், விசா வகை, பிரிவு, தவறு, பொறுப்பு, சான்று எல்லாம் இதில் வந்துவிடுகின்றன. கெஞ்சலும் இல்லை, பழிபோடலும் இல்லை.

இப்படித் திருத்துவதும் ஆபத்தில்லாத வேலை அல்ல. முந்தைய விண்ணப்பத்தில் தவறான பதில் இருந்தது என்பதை இந்தப் பத்தியே பதிவு செய்துவிடுகிறது. அதனால் உறவினரோ நண்பரோ சரிபார்க்கும்போது இது போன்ற விஷயம் கண்ணில் பட்டால், அந்த இடத்தில் நிறுத்தி, கனடாவின் வழக்கறிஞரிடமோ அங்குள்ள குடிவரவு ஆலோசகர் கழகத்தின் உரிமம் பெற்றவரிடமோ காட்டுவதுதான் முறை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அந்நாட்டுச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு அனுமதிப்பது இவர்களைப் போன்ற உரிமம் பெற்றவர்களை மட்டுமே. அப்படி ஒருவர் கோப்பைக் கையாண்டால் ஐ.எம்.எம். 5476 படிவத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும். “என் பெயரைப் போடாதீர்கள்” என்று சொல்லும் ஏஜென்ட் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது இதிலிருந்தே விளங்கும். முந்தைய விண்ணப்பத்தில் தவறான பதிலோடு நிற்காமல் போலி ஆவணமே சேர்ந்திருந்தது என்று தெரியவந்தால், அது விளக்கக் கடிதத்தால் தீரும் காரியம் இல்லை. போலிச் சேர்க்கைக் கடிதங்களால் இந்திய மாணவர்கள் பலர் 2023-இல் சிக்கலில் மாட்டியபின், அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதிப்படுத்தும் முறையை கனடா கொண்டுவந்துவிட்டது.

முரண்பாடுகளைத் தேடும் வேலைக்குப் பொறுமை வேண்டும். பழைய படிவத்தையும் புதிய படிவத்தையும் கடிதத்தையும் அருகருகே வைத்து, தேதிகளை மட்டும் முதலில் படிப்பது நல்லது, பிறகு தொகைகளை மட்டும், பிறகு பெயர்களை. மொத்தமாகப் படித்தால் கதை ஓட்டத்தில் பிழை தப்பிவிடும். நம் மாதிரிக் கோப்பில் தேதிகளைப் படித்ததும் ஒன்று அகப்பட்டது. கடிதம் 2022 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்ததாகச் சொல்கிறது. 2024 படிவமோ 2021 ஆகஸ்ட் என்கிறது. விசாரித்தால் இரண்டும் பொய்யில்லை. முதல் ஐந்து மாதம் பயிற்சிக் காலம். உதவித்தொகை ரொக்கமாகக் கையில் கொடுக்கப்பட்டது. ஜனவரியில்தான் பி.எஃப். பிடித்தம் தொடங்கி, சம்பளம் வங்கிக்கு வந்தது. இப்போது எந்தத் தேதியை எழுதுவது என்று கேட்பவருக்கு, இரண்டையும் எழுதுவது என்பதே விடை. பயிற்சிக் காலத்தையும் பணியில் அமர்த்திய தேதியையும் நிறுவனத்தின் கடிதம் தனித்தனியே சொல்ல வேண்டும், பி.எஃப். பாஸ்புக் இரண்டாவது தேதியை உறுதிசெய்யும். பழைய தேதியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால், உண்மையான காரணம் இருந்தும் அது பொய் போலத் தெரியும்.

பெயர்களில் வரும் முரண் தமிழர்களின் கோப்புகளில் அடிக்கடி தலைகாட்டுவது. வங்கிக் கணக்கில் தந்தையின் பெயர் முதலெழுத்தோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் முதலெழுத்து விரிந்து முழுப் பெயராகியிருக்கும். கிரயப் பத்திரத்தில் இன்னார் மகன் இன்னார் என்று தமிழில் இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குச் சொல்லாமலே புரியும். வேறு நாட்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு மூன்று ஆட்களாகத் தெரியலாம். ஒரு வரி விளக்கமும், மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரமும் போதும்.

பிறகு சான்று. கடிதத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஆவண எண் குறித்துக்கொண்டே போனால், எண் விழாத வாக்கியம் தானாகத் தெரிந்துவிடும். இந்தக் கோப்பில் அப்படி எண் விழாமல் நின்றது “குடும்பச் சேமிப்பு” என்ற சொல். துருவிக் கேட்டதில், அந்த 14 லட்சத்தில் 9 லட்சம் ஒரு மனை விற்ற பணம்; 5 லட்சம் நகைக்கடன். நகைக்கடனைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. அது கடன், வட்டியோடு திருப்ப வேண்டியது. அதைக் கடன் என்றே எழுதி, வங்கியின் கடன் சீட்டை இணைத்து, எந்த வருமானத்திலிருந்து திருப்பப் போகிறார்கள் என்றும் காட்ட வேண்டும்.

மனை விற்ற பணத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. பத்திரத்தில் எழுதியிருப்பது 6 லட்சம். மீதி 3 லட்சம் கைமாறியது ரொக்கமாக. வழிகாட்டி மதிப்பை ஒட்டிப் பத்திரம் பதிந்து, மேல் தொகையைக் கையில் வாங்கிக்கொள்ளும் பழக்கம் ஊரறிந்தது. விசா கோப்பில் இது நேராக வந்து இடிக்கும். கிரயப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் 6 லட்சத்துக்குத்தான் சாட்சி சொல்லும். மொத்தமும் மனை விற்ற பணம் என்று கடிதத்தில் எழுதினால், இணைத்த ஆவணமே அதை மறுக்கும். இந்த இடத்தில் சில ஏஜென்ட்கள் ஒரு உறவினர் “அன்பளிப்பு” கொடுத்ததாகக் கடிதம் தயாரித்துத் தருகிறார்கள். நடக்காத அன்பளிப்பைக் காட்டுவது திரிப்பு. மேலே சொன்ன 40-ஆம் பிரிவு அதற்கும் பொருந்தும். நேரான வழி, சான்றில்லாத தொகையின் மீது புதிய விண்ணப்பத்தைக் கட்டாமல் இருப்பது. பழைய கணக்கு அறிக்கையில் அந்தத் தொகை தெரிவதால் அதைப் பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆனால் படிப்புச் செலவுக்கு ஆதாரமாக, முழுவதும் காகிதத்தில் நிற்கும் பணத்தையே காட்ட வேண்டும். பத்திரப் பதிவுக்கும் வருமான வரிக்கும் அது வேறு கேள்விகளை எழுப்பலாம் என்பதால், அந்த வரியை எழுதுமுன் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்பதையும் சரிபார்ப்பவர் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். முதலாண்டுக் கட்டணம், பயணச் செலவு ஆகியவை போக, கியூபெக் தவிர்த்த பகுதிகளில் தனி ஆளின் வாழ்க்கைச் செலவுக்கு 2024 ஜனவரி முதல் 20,635 கனடிய டாலர் கேட்கப்பட்டது. 2025 செப்டம்பர் 1 முதல் அது 22,895 டாலர். 2024 கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு எழுதுபவர்கள் பழைய தொகையையே திரும்ப எழுதிவிடுகிறார்கள். இந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டணம் 17,000 டாலர், பயணம் 2,000 டாலர் என்று வைத்தால் மொத்தம் 41,895 டாலர். ஒரு டாலர் 63 ரூபாய் என்று கொண்டால் 26 லட்சத்துக்கு மேல் வருகிறது. 14 லட்சத்தின் மூலத்தை எவ்வளவு அழகாக விளக்கினாலும் இதற்குப் போதாது. ஆகவே வங்கியின் கல்விக்கடன் அனுமதிக் கடிதத்தை முதன்மை ஆதாரமாக வைத்து, தந்தையின் மூன்றாண்டு வருமான வரிக் கணக்கைத் துணையாக வைப்பது பொருத்தமாக இருக்கும். பத்திரம், பட்டா போன்ற தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் சான்றும் வேண்டும். விண்ணப்பதாரரின் வீட்டார் மொழிபெயர்த்தால் ஏற்கப்படாது.

படிப்பின் தேவை பற்றிய பதிலுக்குத்தான் சான்று இருக்கும் என்று பலர் நினைப்பதில்லை. “என் தொழில் வளர்ச்சிக்கு உதவும்” என்ற வரி எந்தக் கோப்பிலும் ஒட்டும். அதனால் எதையும் நிறுவாது. இந்தப் பெண் செய்வது ஏற்றுமதிக் கணக்கு. சரக்கு முன்பதிவு, கப்பல் ஆவணங்கள், தாமதத்தால் வரும் அபராதங்கள் எல்லாம் அவர் மேசை வழியாகப் போகின்றன. நிறுவனம் அவருடைய இன்றைய பணிகளை விவரித்து, படிப்புக்குப் பின் எந்தப் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முடியும் என்பதைச் சம்பளத்தோடு எழுதித் தந்தால், அந்தக் கடிதமும் புதிய பாடத்திட்டமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். 2024-இல் தேர்ந்தெடுத்த படிப்பை ஏன் மாற்றினார் என்பதையும் இதே பத்தி சொல்லிவிட வேண்டும். மறுப்பு வந்ததால் மாற்றினேன் என்பதுதான் உண்மையில் பாதி என்றால், அந்தப் பாதியையும் சொல்லலாம்; முதல் படிப்பு தன் வேலைக்குப் பொருந்தவில்லை என்று அதிகாரி சுட்டியது சரிதான் என்று ஒப்புவதில் இழுக்கு இல்லை.

“கட்டாயம் தாய்நாடு திரும்புவேன்” என்ற வரியைச் சரிபார்ப்பவர் அடித்துவிடலாம். சான்றில்லாத சத்தியத்தை அதிகாரி எடைபோட முடியாது. அதைவிட, கனடாவில் உறவினர் இருப்பதை மறைத்தோ, நிரந்தரவாசி ஆகும் எண்ணமே கிடையாது என்று பெரிதாக மறுத்தோ எழுதுவது தேவையற்ற பொய்க்கு இடம் கொடுக்கிறது. எதிர்காலத்தில் நிரந்தரவாசி ஆகும் விருப்பம் இருப்பதே மறுக்கக் காரணம் ஆகாது என்று அந்தச் சட்டத்தின் 22(2) பிரிவு சொல்கிறது. அனுமதித்த காலம் முடிந்தால் வெளியேறுவார் என்ற நம்பிக்கை வந்தால் போதும். காத்திருக்கும் வேலையும், கல்விக்கடனுக்கு ஜாமீனாக நிற்கும் வீடும், பெற்றோரின் நிலையும் அந்த நம்பிக்கையைத் தரும் செய்திகள்.

இத்தனையும் சேர்த்துத் திருத்திய கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. முதல் பத்தியில் பழைய விண்ணப்ப எண், மறுப்பு நாள், அதிகாரி சொன்ன காரணங்கள். அடுத்து அமெரிக்க மறுப்பும் 2024-இன் தவறான பதிலும். பிறகு பணம், படிப்பு, வேலைத் தேதி. ஒவ்வொரு செய்தியின் அருகிலும் இணைப்பு எண். இணையதளத்தில் விளக்கக் கடிதத்துக்கு உள்ள இடத்தில் 4 எம்.பி.க்கு மிகாத ஒரே கோப்புதான் ஏறும். கடிதத்தையும் இணைப்புகளையும் வரிசைப்படி ஒன்றாகக் கோத்து, எழுத்து மங்காத அளவுக்குச் சுருக்க வேண்டும். சுருக்கியதில் பத்திரத்தின் தொகை படிக்க முடியாமல் போனால், அந்தச் சான்று இல்லாததற்குச் சமம்.

அனுப்பியபின் கடிதம், படிவங்கள், இணைப்புகள் எல்லாவற்றையும் அனுப்பிய வடிவிலேயே சேமித்து வைக்க வேண்டும். விசா கிடைத்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கடிதம் அதே கணினிக் கோப்பில் இருக்கும். படிப்பு முடித்து வேலை அனுமதி கேட்கும்போதும், நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கும்போதும், அன்று எழுதும் பதில்கள் இதில் உள்ள தேதிகளோடும் தொகைகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கப்படும்.